புடவைக் கூலியும் மாதச் சம்பளமும்: ஒரு வீட்டின் பணப் பேச்சு

காஞ்சிபுரத்தில் இன்று அடிக்கடி பார்க்கக்கூடிய ஒரு குடும்பம் இது. பிள்ளையார்பாளையத்துப் பக்கம் சொந்த வீடு, நடுக்கூடத்தில் குழித்தறி. கணவர் நெசவு. மனைவி காலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போய்வருகிறார். அவருக்குப் புடவை இறங்கினால் காசு. இவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம். ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமான பணம் வருகிறது. தம்பதியருக்குள் பணத்தைப் பற்றி வரும் சண்டைகளில் பாதிக்கு மேல் செலவாளி, கஞ்சன் என்ற குணத்தால் வருபவை அல்ல, இந்த இரண்டு தாளங்களும் ஒத்துப்போகாததால் வருபவை என்பது என் கணிப்பு.

கணக்குப் போட்டுக் காட்ட வசதியாக இந்த வீட்டுக்குச் சில எண்களைக் கொடுத்துக்கொள்கிறேன். கணவருக்கு 35 வயது, மகளுக்கு 4. கோர்வைப் புடவைக்குக் கூலி 8,000 ரூபாய். மனைவியின் மொத்தச் சம்பளம் 17,500. உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும்; வழிமுறை மாறாது.

முதலில் கூலியை மாதக் கணக்காக்குங்கள்

"மாசம் ரெண்டு புடவை, பதினாறாயிரம்." நெசவாளரைக் கேட்டால் இப்படித்தான் சொல்வார். பொய் இல்லை. நல்ல மாதத்தில் அது உண்மை. ஆனால் மனைவி அந்தப் பதினாறாயிரத்தை மனதில் வைத்து மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் திட்டம் போடுவார், ஆறு வாரத்துக்குப் பிறகு "காசு எங்கே போச்சு?" என்று கேட்பார். அங்கே ஆரம்பிக்கும் மனத்தாங்கல்.

பின்னோக்கி ஓராண்டுக் கணக்கை எடுங்கள். கூலிச் சீட்டு, சங்கத்துப் பாஸ்புத்தகம், வங்கிக் கணக்கு எது கையில் இருந்தாலும் போதும். நம் வீட்டில் ஒரு பாவில் மூன்று புடவை இறங்குகிறது என்று வையுங்கள். மாதம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 புடவை, அதாவது எட்டுப் பாவு வரவேண்டும். எண்ணிப் பார்த்தால் ஆறுதான் வந்திருக்கிறது, 18 புடவை. மீதி எங்கே போனது என்பது இருவருக்கும் தெரிந்த கதைதான். பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைக்கச் சில நாட்கள், முதலாளியிடமிருந்து அடுத்த பாவோ ஜரிகையோ வரக் காத்திருந்த நாட்கள், ஐப்பசி மழையில் குழியில் ஈரம் ஏறித் தறியை நிறுத்திய நாட்கள், கருட சேவை, பங்குனி உத்திரம், உடம்புக்கு முடியாமல் போனது.

18 புடவைக்கு 1,44,000 ரூபாய். இதில் கோர்வை வாங்கித் தரும் உதவியாளுக்கும், தார் சுற்றுவதற்கும், தறி பழுதுக்கும் புடவைக்கு 700 என்று வைத்தால் 12,600 கழிகிறது. மிச்சம் 1,31,400. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,950. ஆக, இந்த வீட்டில் நெசவு தருவது பதினோராயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பதினாறாயிரம் என்ற எண்ணை அன்றோடு இருவரும் மறந்துவிட வேண்டும்.

மனைவியின் பக்கத்திலும் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. 17,500 சம்பளத்தில், பதினைந்தாயிரத்துக்கு 12 சதவீதம் என்று பி.எஃப். 1,800 பிடிக்கிறார்கள், ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், அதாவது 132 ரூபாய். கைக்கு வருவது சுமார் 15,500. கணவர் பார்ப்பது இந்தப் பதினைந்தாயிரத்து ஐந்நூறைத்தான். ஆனால் கம்பெனி தன் பங்காகக் கட்டுவதில் ஓய்வூதியத்துக்கு 1,250 போக, 550 ரூபாய் பி.எஃப். கணக்கில் சேர்கிறது. மனைவியின் 1,800-ஐயும் கூட்டினால், யாரும் பேசாமலேயே மாதம் 2,350 ரூபாய் இந்த வீட்டுக்காகச் சேர்கிறது. வீட்டிலேயே பெரிய சேமிப்பு இதுதான். பெரும்பாலான வீடுகளில் இதைச் சேமிப்பு என்று யாரும் எண்ணுவதில்லை; வேலையை விடும்போது 'வந்த பணம்' என்று எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள்.

கடனைச் சொல்வதுதான் கஷ்டம்

வருமானத்தைச் சொல்ல யாரும் கூசுவதில்லை. கடன்தான் தொண்டையில் நிற்கும். கணவர் சொல்லாத கடன் பெரும்பாலும் முதலாளியிடம் வாங்கிய முன்பணம். மனைவி சொல்லாதது பெரும்பாலும் மகளிர் குழுக் கடன், அல்லது தம்பிக்காக வாங்கிக் கொடுத்தது. இருவரும் சொல்லத் தயங்குவது, வங்கியில் இருக்கும் நகை.

இதைப் பேச நேரம் பார்க்க வேண்டும். புடவையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்த மாலையில் வேண்டாம். அன்று கையில் காசு இருக்கும், எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். மனைவி இரவு ஷிப்ட் முடித்து வந்த காலையிலும் வேண்டாம். அமாவாசைக்குத் தறியை நிறுத்தும் வழக்கமுள்ள வீடென்றால் அந்த நாள் நல்லது. மாமியாரோ மச்சினரோ கூடத்தில் இருந்தால் பேச்சு தானாகவே பொய்யாகிவிடும், ஆகவே இருவர் மட்டும். ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக எழுதி, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத் தொகையைக் குறைத்துவிடுவோம். தாள் அப்படிக் குறைக்காது.

"என்னங்க, அறுபதாயிரமா? போன வருஷம் முப்பதுன்னீங்களே."

"பாப்பாவுக்குக் காது குத்தினப்போ இன்னொரு முப்பது வாங்கினேன். உங்கிட்ட சொன்னா கவலைப்படுவேன்னு..."

இந்த இடத்தில் மனைவி கேட்க வேண்டியது "ஏன் சொல்லவில்லை?" என்பதை அல்ல. அதற்குப் பதில் ஏற்கெனவே வந்துவிட்டது. கேட்க வேண்டியது: "இதுக்கு நாம என்ன விலை குடுத்துட்டிருக்கோம்?"

வட்டியில்லாக் கடனின் வட்டி

முன்பணத்துக்கு வட்டி இல்லை என்றுதான் முதலாளி சொல்வார், நெசவாளரும் நம்புவார். ஆனால் முன்பணம் நிற்கும்வரை வேறு முதலாளியிடமோ சங்கத்துக்கோ போக முடியாது. கூலியைக் கூட்டிக் கேட்கும் தெம்பும் இருக்காது. அந்தக் கட்டுதான் வட்டி. அதை ரூபாயில் அளக்க முடியும்.

இதே கோர்வை, இதே ஜரிகை வேலையுள்ள புடவைக்கு இன்னொரு இடத்தில் 8,800 கூலி என்று வையுங்கள். புடவைக்கு 800 ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம். 18 புடவைக்கு 14,400. அறுபதாயிரம் கடனுக்கு ஆண்டுக்கு 14,400 என்றால் 24 சதவீதம். நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டிக்கு வாங்கியதற்குச் சமம். வட்டியில்லாக் கடன் என்று நினைத்து முதலில் அடைக்காமல் தள்ளிப்போட்டதுதான் இந்த வீட்டின் மிக விலையுயர்ந்த கடனாக இருந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. கூலி அதிகம் தரும் இடம் ஆண்டு முழுதும் வேலை தருமா? அங்கே போய் ஆறு பாவுக்குப் பதில் ஐந்து பாவுதான் கிடைத்தது என்றால் 15 புடவை. செலவு 700 போக, புடவைக்கு 8,100 வீதம் 1,21,500. பழைய இடத்தில் கைக்கு நின்றது 1,31,400. ஒரே ஒரு பாவு குறைந்தால் ஆதாயம் எல்லாம் போய், கூடவே பத்தாயிரம் நஷ்டம். அதனால் கூலி எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அங்கே ஏற்கெனவே நெய்யும் இருவர் மூவரிடம் "போன வருஷம் எத்தனை பாவு வந்தது?" என்று கேளுங்கள். இந்த ஒரு பதில்தான் கடனின் உண்மையான வட்டியைச் சொல்லும்.

கேட்டதில் ஆறு பாவு உறுதி என்று தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இன்னொரு கடன்: மனைவியின் நகை வங்கியில், ஒரு லட்சம், 9 சதவீத வட்டி. ஆண்டுக்கு 9,000. எண்ணை மட்டும் பார்த்தால் முதலில் அடைய வேண்டியது முன்பணம், பிறகு நகை. மனைவிக்கு இது பிடிக்காது. பிடிக்காமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. நகை அவருடையது. பெண்ணின் சீதனத்தின் மீது கணவருக்கு உரிமை கிடையாது, நெருக்கடியில் பயன்படுத்தினாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தெளிவாகச் சொன்னது. ஆகவே ஒப்பந்தம் இப்படி இருக்கலாம்: முன்பணம் முதலில், ஏனென்றால் அது அடைந்தால் கூலி உயரும், அந்த உயர்வு நேராக நகைக்குப் போகும். அதுவரை நகைக்கடனின் வட்டி நாள் தவறாது. நோட்டில் ஒரு வரி: "நகை இவளுடையது, வீட்டுக்காக அடகில் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் மீட்க வேண்டும்." கணவர் கையெழுத்து. பேச்சில் உண்மை இருக்கிறதா என்பதற்கு இந்தக் கையெழுத்துதான் சோதனை. போடத் தயங்குகிறார் என்றால் இன்னும் ஏதோ சொல்லப்படவில்லை.

இலக்கு என்றால் தொகையும் தேதியும்

"பாப்பாவைப் படிக்க வைக்கணும்" என்பது ஆசை. இலக்காக வேண்டுமானால் எப்போது, எவ்வளவு என்று இருக்க வேண்டும். இந்த வீட்டுக்கு நான்கு போதும்: முன்பணம் அடைப்பது, கைவசம் ஒரு சேமிப்பு, மகளின் படிப்பு, கணவருடைய அறுபதாம் வயது. மனைவிக்கு பி.எஃப். ஓடிக்கொண்டிருக்கிறது, கணவருக்கோ தறியில் உட்காரக் கால் ஒத்துழைக்காத நாளில் ஒன்றும் இல்லை. இது தெரிந்தும் பல வீடுகளில் ஓய்வூதியம் பற்றிய பேச்சே கணவர் பக்கம் வருவதில்லை.

புடவைக்கு 1,500 வீதம் கூலியிலேயே முன்பணத்துக்குப் பிடிக்கச் சொன்னால் ஆண்டுக்கு 27,000. மனைவியின் தீபாவளி போனஸில் 10,000 சேர்த்தால் 37,000. அறுபதாயிரம் இருபது மாதத்தில் தீர்ந்துவிடும். பிடித்த ஒவ்வொரு தொகைக்கும் முதலாளியின் நோட்டில் மட்டுமல்ல, உங்கள் நோட்டிலும் அவர் கையெழுத்து வாங்குங்கள்.

இந்தப் பிடித்தம் மாதத்துக்கு 2,250 ஆகிறது. அது போக நெசவில் 8,700, சம்பளத்தில் 15,500, மொத்தம் 24,200. வீட்டுச் செலவு 17,500 என்றால் மிச்சம் 6,700. அதில் நகை வட்டிக்கு 750 ஒதுக்கவேண்டும். மகளுக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் 1,000. கணவருக்கு அடல் பென்ஷன் திட்டத்தில், 35 வயதில் சேர்ந்து 60-க்குப் பிறகு மாதம் 5,000 பெற, 902. இந்தத் திட்டத்தில் 40 வயதுக்கு மேல் சேர முடியாது. வருமான வரி கட்டுபவர்களும் சேர முடியாது. கணவர் காலமானால் அதே ஓய்வூதியம் மனைவிக்குத் தொடரும். இருவருக்கும் பிரதமரின் ஆயுள் காப்பீடு ஆண்டுக்கு 436, விபத்துக் காப்பீடு 20. இரண்டு பேருக்கும் சேர்த்து மாதத்துக்கு 76 ரூபாய்தான் ஆகிறது. இவ்வளவும் போக ஏறத்தாழ 3,970 நிற்கும். அது கைவசச் சேமிப்பு. தறி மூன்று மாதம் ஓடாவிட்டாலும் தாங்க 33,000 வேண்டும்; எட்டொன்பது மாதத்தில் சேர்ந்துவிடும். அது சேர்ந்து, முன்பணமும் தீரும்வரை மியூச்சுவல் ஃபண்டு, பங்குச் சந்தை என்று யார் சொன்னாலும் காது கொடுக்க வேண்டாம். 24 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 12 சதவீத லாபத்தைத் துரத்துவதில் அர்த்தமில்லை.

செல்வமகள் திட்டத்தில் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். '21 வயதில் முதிர்வு' என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, கணக்குத் தொடங்கியதிலிருந்து 21 ஆண்டு. நாலு வயதில் தொடங்கினால் மகளுக்கு 25 ஆகும்போதுதான் முழுத் தொகை. கல்லூரிக்கு 18 வயதில் எடுக்க முடியும். ஆனால் முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த தொகையில் பாதிவரைதான். மாதம் 1,000 கட்டி, 2024 ஜனவரியில் அறிவித்த 8.2 சதவீத வட்டியே நீடித்தால், பதினான்கு ஆண்டு முடிவில் மூன்று லட்சம் போல இருக்கும். கையில் கிடைப்பது ஒன்றரை லட்சம். வட்டியை அரசு காலாண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். பொறியியல் கல்லூரிக்கு இது போதாது என்று இப்போதே தெரிந்துகொண்டால், கடன் முடிந்த பிறகு உயரும் கூலியில் ஒரு பங்கை அதற்கென்று தனியே திருப்பலாம்.

யார் எதைப் பார்ப்பது

சிவன் இருநாழி நெல் அளந்து கொடுக்க, காமாட்சி அதை வைத்து முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தாள் என்று கதை சொல்லும் ஊர் இது. நெல்லை அளந்து கொடுத்தவர் அத்தோடு ஒதுங்கிக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றும் பல வீடுகளில் அதே ஏற்பாடுதான்: காசைக் கையில் கொடுத்துவிட்டு "நீயே பார்த்துக்கோ" என்பது. அல்லது அதற்கு நேர்மாறாக, "எல்லாம் நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்பது. இரண்டுமே பொறுப்பைப் பிரிப்பதல்ல. ஒருவரை இருட்டில் வைப்பது.

ஒவ்வொரு முதலீட்டுக்கும் ஒவ்வொரு கடனுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் பெயரில் இருக்கிறது? கட்டுவது, புதுப்பிப்பது, ஓடுவது யார் வேலை? யாரைக் கேட்காமல் தொடக் கூடாது? மூன்றுக்கும் ஒரே ஆள் பதிலாக இருக்க வேண்டியதில்லை.

நகைக்கடனை எடுத்துக்கொள்ளுங்கள். நகை மனைவி பெயரில். ஆனால் வங்கி திறந்திருக்கும் நேரத்தில் அவர் கம்பெனியில் இருப்பார். கணவர் தறியிலிருந்து எழுந்து போய்வர முடியும். ஆகவே வட்டித் தேதியைக் கவனிப்பது கணவர் வேலை. மறுபடி அடகு வைப்பதோ தொகையைக் கூட்டுவதோ மனைவி சம்மதம் இல்லாமல் நடக்கக் கூடாது. வட்டி மட்டும் கட்டிப் புதுப்பிக்கலாமா, முழுதும் மீட்டு மறுபடி வைக்க வேண்டுமா என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். தவணை முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஏல நோட்டீஸ் வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிகிறது என்றால் பணம் இல்லாதது மட்டும் பிரச்சினை அல்ல, அந்த வேலை யாருடையது என்று எழுதப்படவில்லை.

மாதாமாதம் தவறாமல் கட்ட வேண்டியவை எல்லாம் மனைவியின் சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போகட்டும். சம்பளம் ஏழாம் தேதி வந்தால் எட்டாம் தேதி செல்வமகளுக்குப் போய்விட வேண்டும். இதற்குக் காரணம் மனைவி கெட்டிக்காரர் என்பதோ கணவர் பொறுப்பில்லாதவர் என்பதோ அல்ல. மாதச் சம்பளத்தால்தான் மாதத் தவணையைத் தாங்க முடியும். புடவைக் கூலி மொத்தமாக வருவது. கைவசச் சேமிப்பு, முன்பண அடைப்பு போன்ற மொத்தமாகப் போடும் வேலைகள் அதற்குப் பொருத்தம்.

அடல் பென்ஷனில் மட்டும் ஒரு சிக்கல். சந்தாவைக் கணவரின் சொந்த வங்கிக் கணக்கிலிருந்துதான் எடுப்பார்கள். புடவை இறங்கத் தாமதமானால் கணக்கில் காசு இருக்காது, தவறிய மாதத்துக்கு அபராதம் விழும். இரண்டு வழி உண்டு. மாதத்துக்குப் பதில் காலாண்டுக்கோ அரையாண்டுக்கோ ஒருமுறை கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது சம்பள நாளில் மனைவி கணக்கிலிருந்து கணவர் கணக்குக்கு ஆயிரம் ரூபாய் தானாகப் போகும்படி செய்யலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கணவருடைய முதுமைக்கு மனைவியின் சம்பளம் போவதும், மனைவியின் நகையைக் கணவரின் கூலி மீட்பதும் இருவர் கண்ணுக்கும் தெரிகிறது.

ஈ.எஸ்.ஐ. மனைவியின் பொறுப்பு. இதில் நெசவாளர் வீடுகள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்று: காப்பீடு பெற்றவர் பெண்ணாக இருந்தாலும் கணவருக்குச் சிகிச்சை உண்டு. குடும்ப விவரத்தில் கணவர், மகள் பெயர்களைச் சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அந்த அரையாண்டு முடிவோடு ஈ.எஸ்.ஐ. நின்றுவிடும். சம்பள உயர்வுக் கடிதம் வரும் அன்றே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பதை நோட்டில் எழுதி வையுங்கள்.

கணவன், மனைவி இருவருமே நெசவு என்றால் கதை வேறு. பாவு பிணைப்பது, தார் சுற்றுவது, கோர்வை வாங்குவது என்று மனைவியின் உழைப்பு ஒவ்வொரு புடவையிலும் இருக்கும். கூலியோ கணவர் பெயரில் மட்டும் ஏறும். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து அரசின் பங்கையும் சேர்த்துப் போடும் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் உண்டு. அதுவும் உறுப்பினர் பெயரில்தான் வளரும். மனைவியும் தறியில் உட்காருபவர் என்றால் அவர் பெயரிலும் உறுப்பினர் அட்டை, நெசவாளர் அடையாள அட்டை கேட்டு விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் இருபது ஆண்டு உழைத்தும் தாளில் அவர் வேலையே செய்யாதவர்.

புதிதாக ஒருவர் வந்து திட்டம் சொன்னால்

ஒருவர் மட்டும் முடிவு செய்யக் கூடாத விஷயங்களுக்கு ஒரு தொகையை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டுக்கு ஐயாயிரம். அதற்கு மேல் எந்தச் சீட்டு, எந்த முதலீடு, யாருக்குக் கைமாற்று என்றாலும் இருவரும் பேசி, ஒரு இரவு கழித்துத்தான். அவசரம் என்று யாராவது சொன்னால் இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆருத்ரா விவகாரம் நினைவிருக்கும். ஒரு லட்சம் போட்டால் மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் வழக்கு. 2022 மே மாதம் சோதனை நடந்தது. இப்படிப்பட்ட இடங்களில் பணம் போகும் விதம் ஒன்றுபோலவே இருக்கும். கூட வேலை செய்பவரோ உறவினரோ கணவன், மனைவி இருவரில் ஒருவரிடம் மட்டும் சொல்வார். முதல் மாதங்களில் பணம் வரும். அதைக் காட்டித்தான் மற்றவரிடம் சொல்லப்படும், அதற்குள் நகையும் போயிருக்கும். இரண்டு பேரும் முதல் நாளே உட்கார்ந்து, மாதம் முப்பதாயிரம் தர அவர்கள் என்ன வியாபாரம் செய்ய வேண்டும் என்று ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் பல வீடுகள் தப்பியிருக்கும். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ஒரு நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்தில் பார்க்கலாம். புகாரும் அங்கேயே கொடுக்கலாம். ஏலச்சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். தெருச் சீட்டு நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பதிவு இல்லாத சீட்டில் பணம் நின்றுபோனால் கேட்க இடம் இருக்காது.

பாவுக்கு ஒருமுறை

மாதம் ஒருமுறை கூட்டம் என்று புத்தகங்கள் சொல்லும். தறி வீட்டுக்கு அது ஒத்துவராது. பாவு முடிந்து அடுத்த பாவு பிணைக்கும் நாட்களில் உட்காருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானாக வரும், கணவருக்கும் தறி வேலை இருக்காது. அரை மணி நேரம் போதும். இந்தப் பாவில் எத்தனை நாள் போனது, முன்பணம் இன்னும் எவ்வளவு, கைவசச் சேமிப்பு எங்கே நிற்கிறது, அடுத்த தவணைத் தேதி எது. பழைய குற்றங்களை அன்று எடுக்க வேண்டாம். ஐயாயிரத்துக்குக் கீழே ஆளுக்கொரு சிறு தொகையைக் கணக்குக் கேட்காத பணமாக விட்டுவிடுங்கள். அவர் டீக்கடையில் செலவழித்தாரா, இவர் பூ வாங்கினாரா என்று நோண்டினால் அடுத்த முறை இருவரும் பொய்க்கணக்கு எழுதுவார்கள்.

முதல் கூட்டத்திலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: நியமனதாரர் பெயர். மனைவி திருமணத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்திருந்தால் பி.எஃப்.பில் அம்மா பெயரைக் கொடுத்திருப்பார். திருமணம் ஆனதும் அந்த நியமனம் செல்லாது. புதிதாகக் கொடுத்தாக வேண்டும். பி.எஃப். உறுப்பினர் தளத்தில் யு.ஏ.என். எண்ணோடு நுழைந்து, கணவர், மகள் விவரங்களும் புகைப்படமும் சேர்த்து, ஆதார் ஓ.டி.பி. மூலம் கையெழுத்திட்டால் முடிந்தது. பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் பி.எஃப். பணத்தோடு காப்பீடாக அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும் ஏற்பாடும் இதோடு சேர்ந்தது. பெயர் சரியாக இல்லையென்றால் அந்தப் பணத்துக்காகக் குடும்பம் ஆவணங்களோடு அலைய வேண்டியிருக்கும். கணவரின் சங்கச் சேமிப்பிலும், வங்கிக் கணக்கிலும், அடல் பென்ஷனிலும் யார் பெயர் இருக்கிறது என்று அன்றே பாருங்கள். வங்கிக் கணக்குகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். மனைவியையும் வயதான அம்மாவையும் சேர்த்தே எழுதலாம், பங்கு எவ்வளவு என்றும் குறிப்பிடலாம். இந்த வசதி வந்த பிறகு, யாரை விடுவது என்ற மனத்தாங்கலுக்கு இடமில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பேசித் தீர்க்க முடியாது. ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: உங்கள் வீட்டில் முதலாளியிடம் முன்பணம் நின்றால், வெளியே அதே புடவைக்குக் கூலி எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை பாவு என்று இந்த வாரமே விசாரித்து, அந்தக் கடனின் உண்மையான வட்டியை இருவரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள்.